டை தெறித்த சுவர், பேசின், துண்டு

கிண்ணத்தில் கலக்கும்போது டை கருப்பாக இருப்பதில்லை. க்ரீம் டை என்றால் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். தலையில் பாதி தடவுவதற்குள் கிண்ணத்தின் விளிம்பு பழுப்பாகிவிடும். அரை மணி நேரத்தில் மிச்சமிருப்பது முழுக்கக் கருத்துவிடும். சுவரில் தெறித்த துளிக்கும் இதேதான் நடக்கிறது. தெறித்த நொடியில் அது கண்ணில் படுவதில்லை. தலையை அலசி, துவட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறோம். மறுநாள் காலையில் பல் தேய்க்க நிற்கும்போதுதான் டைல்ஸில் கரும்புள்ளிகளும், பேசின் ஓரத்தில் வழிந்த கோடும், கொடியில் காயும் வெள்ளைத் துண்டில் தவிட்டு நிறத் திட்டும் கண்ணில் படுகின்றன.

இந்த மூன்றையும் ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி தேய்ப்பதால்தான் பெரும்பாலான வீடுகளில் கறை பாதி போய் மீதி தங்கிவிடுகிறது. கறை மூன்றிலும் ஒன்றே. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் வேறு வேறு. ஓரிடத்தில் மேலாக ஒட்டியிருக்கிறது, இன்னோரிடத்தில் உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே இருப்பதைக் கரைத்துத் துடைத்து எடுக்கலாம். உள்ளே போனதைத் துடைக்க முடியாது, அதன் நிறத்தை உடைக்கத்தான் முடியும். எது மேலே, எது உள்ளே என்று தெரிந்துகொள்ள டையின் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நரையை நிலையாகக் கருக்கச் செய்யும் டைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை பாரா பினைலீன் டையமின் என்ற பொருள். டப்பாக்களில் பிபிடி என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். இது காற்றிலும் பெராக்சைடிலும் பட்டால் கருமையாகும் என்பதை ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1863-லேயே கவனித்துவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1907-ல், பாரிஸைச் சேர்ந்த யூஜின் ஷுவல்லர் செயற்கைத் தலைச்சாயம் தயாரித்துச் சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் லோரியால். இன்று ஒரு பாக்கெட்டில் இருக்கும் இரண்டு குழாய்களில் ஒன்று இந்தச் சாயப் பொருளும் காரமும் கலந்த க்ரீம், மற்றது பெராக்சைடு. இரண்டும் கலந்தவுடன் நிறமற்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகள் முடியின் உள்ளே நுழைகின்றன. அங்கே பெராக்சைடின் வேலையால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, நிறம் பெறுகின்றன. நுழைந்த வழியாக வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடுவதால்தான் ஷாம்பு போட்டாலும் போவதில்லை.

‘மருதாணி’ என்று பெயர் போட்டிருக்கிறதே, அது வேறல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அரைத்த இலை செம்பழுப்பு நிறந்தான் தரும். கருப்பு மருதாணி என்று விற்கும் பவுடர்கள் பலவற்றில் பிபிடியும், தண்ணீரில் கரைந்தால் பெராக்சைடு தரும் ஒரு பொருளும் சேர்ந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கறையைப் பொறுத்தவரை அதுவும் டைதான்.

கறை விஷயத்தில் நேரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இப்போது புரியும். தெறித்த முதல் சில நிமிடங்களில் அந்தத் துளியில் இருப்பது இன்னும் கோத்துக்கொள்ளாத சிறு மூலக்கூறுகள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தால் போய்விடும். ஆகவே தலையில் டை ஊறும் அந்த அரை மணி நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, சுவரையும் பேசினையும் ஈரத்துணியால் துடைத்து விடுவது. புள்ளி தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், தெரியாமல் இருக்கும்போதுதான் அது எளிதில் போகும். கையுறை மட்டும் கட்டாயம். பிபிடி பலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது. ஈரமாக, முழுதாகக் கோத்துக்கொள்ளாமல் இருக்கும் நிலையில்தான் அந்த ஆபத்து கூடுதல்.

ஆனால் நம்முடைய கதை மறுநாள் காலையில் தொடங்குவது. ஞாயிறு மாலை கருப்பு க்ரீம் டை போட்டிருக்கிறார்கள், திங்கள் காலை கவனிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் வெள்ளைப் பளபளப்பு டைல்ஸ். இடைவெளிகளில் ஒயிட் சிமெண்ட். பேசின் சாதாரண வெள்ளைப் பீங்கான். துண்டு நம் ஊர் ஈரிழைத் துண்டு: வெள்ளை உடம்பு, கரையில் பச்சைக் கோடு.

எதையும் ஊற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலோ, வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசரிலோ ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, கறையின் மேல் ஒரு நிமிடம் அழுத்தி வைத்து, பிறகு தேயுங்கள். துணியில் பழுப்பு இறங்கினால் கறை மேலே இருக்கிறது, அந்த வழியிலேயே தொடரலாம். துணி சுத்தமாகவே இருந்து, கறையும் அப்படியே இருந்தால் அது உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும் தேய்வது சுவர்தான்.

டைல்ஸிலிருந்து தொடங்கலாம். பளபளப்பு டைல்ஸின் மேல்பரப்பு உண்மையில் ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம். சூளையில் உருகி மண்ணோடு ஒட்டியது. கண்ணாடிக்குள் டை நுழையாது. அதனால் சுவரில் இருக்கும் புள்ளி காய்ந்து ஒட்டியிருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. முதலில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். குளியலறைச் சுவரில் எப்போதும் சோப்புப் படலம் ஒன்று படிந்திருக்கும், டை பெரும்பாலும் அந்தப் படலத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். படலம் போகும்போது பாதிக் கறையும் சேர்ந்து போய்விடுவதைப் பார்க்கலாம். மீதிக்கு ஸ்பிரிட். சுவர் செங்குத்தாக இருப்பதால் திரவம் வழிந்துவிடும். அதற்குப் பஞ்சை நன்றாக நனைத்துப் புள்ளியின் மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வைக்கலாம். கூழ் வடிவச் சானிடைசர் என்றால் அதுவே சுவரில் நிற்கும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள். குளியலறைக்குள் கேஸ் கெய்சர் இருந்தால் அதை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு செய்யுங்கள்.

அதற்கும் அசையாத புள்ளிக்குச் சமையல் சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் பற்பசை பதத்துக்குக் குழைத்து, ஈரத்துணியால் வட்டமாகத் தேய்த்தால் போதும். சோடாத் துகள் கண்ணாடிப் படலத்தைவிட மென்மையானது, கறையைச் சுரண்டும், டைல்ஸைக் கீறாது. பாத்திரம் துலக்கும் கம்பி நாரை மட்டும் எடுக்கவே கூடாது. அது படலத்தில் மெல்லிய கோடுகளைப் போட்டுவிடும். அடுத்த முறை தெறிக்கும் டை அந்தக் கோடுகளுக்குள் போய் உட்காரும். பிறகு அது மேல்கறை அல்ல.

தரையில் விழுந்த துளிகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வழுக்காமல் இருப்பதற்காகச் சொரசொரப்பாகச் செய்த தரை டைல்ஸில் கறை மேடுபள்ளங்களின் அடியில் தங்கும். அங்கே துணி எட்டாது, பழைய டூத் பிரஷ் வேண்டும். பாலிஷ் போட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் பளபளப்பாகத் தெரிந்தாலும், பாலிஷ் போடும்போது மிக நுண்ணிய துளைகள் திறந்துகொள்கின்றன. அதில் கறை கொஞ்சம் உள்ளே போகும். மார்பிள் என்றால் எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் அருகில் வரக் கூடாது. அது கல்லின் பளபளப்பையே தின்றுவிடும்.

இப்போது டைல்ஸ் வெளுத்துவிட்டது, ஆனால் நடுவில் ஓடும் ஒயிட் சிமெண்ட் கோட்டில் கருமை அப்படியே இருக்கிறது. பலர் சலித்துக்கொள்ளும் இடம் இதுதான். சிமெண்ட் நுண்துளைகள் நிறைந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் வைத்துப் பாருங்கள், சில நொடிகளில் உறிஞ்சிவிடும். டையையும் அப்படித்தான் உறிஞ்சியது, உறிஞ்சிய பிறகு துளைகளுக்குள்ளே அது கருத்தது. வெள்ளைத் துணிச் சோதனை செய்தால் துணியில் எதுவும் இறங்காது. இங்கே நிறத்தை உடைக்கும் பொருள்தான் வேண்டும். அதாவது ப்ளீச்.

கடையில் விற்கும் ப்ளீச் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் நான்கு, ஐந்து சதவீத அளவில் இருக்கும். அது டை மூலக்கூறின் கோர்வையை அறுத்துவிடுகிறது. நிறம் தரும் பகுதி உடைந்துபோனால் அங்கே பொருள் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சைத் திரி போல உருட்டி அதில் நனைத்து, கறைபட்ட கோட்டின் மேல் பத்து நிமிடம் பதித்து வையுங்கள். பிறகு எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒரே தடவையில் முழுக்கப் போகாது. கருப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, இரண்டு மூன்று தடவையில் வெளிறும். நிறம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் வித்தியாசமே இல்லை என்றால், ஒன்று ப்ளீச் பழசாகி வீரியம் இழந்திருக்கும், இல்லையென்றால் கறை பஞ்சின் ஈரம் எட்டாத ஆழத்தில் இருக்கும். நம் ஊர் வெயிலில் ப்ளீச் பாட்டில் சில மாதங்களிலேயே வீரியம் குறைந்துவிடுகிறது. புதுப் பாட்டில் ஒன்றை முயன்று பார்த்தும் போகாவிட்டால், டைல்ஸ் வேலை செய்பவரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டை மேலாகச் சுரண்டிப் புது ஒயிட் சிமெண்ட் வைப்பதுதான் சரியான வழி. சின்ன வேலைதான். இடைவெளியில் ஒயிட் சிமெண்டுக்குப் பதில் நிறம் கலந்த பூச்சு இருந்தால், ப்ளீச் அந்த நிறத்தையும் வெளிறச் செய்யலாம். ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் வீடுகளில் குளியலறைக் கறை என்றாலே கை ஆசிட் பாட்டிலுக்குப் போகிறது. உப்புநீர்ப் படிவைக் கரைக்க ஆசிட் உதவும், டையை அது ஒன்றும் செய்யாது. கரைவது ஒயிட் சிமெண்ட்தான். கோடு இன்னும் சொரசொரப்பாகி, அடுத்த கறையை இன்னும் ஆழமாக உறிஞ்சும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிட் போட்டும் போகவில்லையே என்று அதே ஈரத்தின் மேல் ப்ளீச்சை ஊற்றுவது. ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். கழிப்பறைக் கோப்பைக்கு ஊற்றும் நீலத் திரவங்களிலும் ஆசிட்தான் இருக்கிறது. டையிலேயே அம்மோனியா இருக்கலாம் என்பதால், ஈரம் காயாத டையின் மேல் நேராக ப்ளீச் ஊற்றுவதும் கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயு வரும். ஸ்பிரிட்டும் ப்ளீச்சும்கூடச் சேரக் கூடாதவை. ஒரு நேரத்தில் ஒரு பொருள், அடுத்ததை எடுக்கும் முன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுதல் என்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கை எரிக்கும் நெடி திடீரென்று கிளம்பினால் அங்கே நின்று கழுவ முயல வேண்டாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பேசின் இவ்வளவு பாடுபடுத்தாது. பீங்கான் பேசினின் மேலும் அதே கண்ணாடிப் படலம் இருப்பதால் சோப்பு, ஸ்பிரிட், சமையல் சோடா என்ற வரிசையே போதும். கறை தங்குவது மூன்று இடங்களில். தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தின் விளிம்பு ஒன்று. சுவரோடு பேசின் சேரும் இடத்தில் பூசிய ஒயிட் சிமெண்ட் இன்னொன்று. பழைய பேசினில் தலைமுடி போல ஓடும் வெடிப்புக் கோடுகள் மூன்றாவது. வெடிப்புக்குள் போனது, சிமெண்டுக்குள் போனதைப் போலத்தான். நீர்த்த ப்ளீச்சில் நனைத்த டிஷ்யூவை அதன் மேல் பத்து நிமிடம் விரித்து வையுங்கள். உலோக வளையத்தின் மீதும் குழாயின் மீதும் ப்ளீச் நின்றால் மினுமினுப்புக் கெடும் என்பதால் உடனே கழுவிவிட வேண்டும்.

உங்கள் பேசின் பீங்கான்தானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விரல் மூட்டால் தட்டினால் பீங்கான் கணீரென்று ஒலிக்கும், தொட்டால் சில்லென்றிருக்கும். அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் வகை மந்தமாக ஒலிக்கும். அந்த வகையில் டை கொஞ்சம் உள்ளே இறங்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பீங்கானில் இருக்கும் பிடிவாதமான புள்ளியை நன்றாகவே எடுத்துவிடும். ஆனால் அக்ரிலிக்கில் பட்டால் மேல்பரப்பு உருகி மங்கிவிடும், அது திரும்பாது.

துண்டு இருப்பதில் கடினமானது. அதற்குக் காரணம் பருத்தி கிட்டத்தட்ட முடியைப் போலவே நடந்துகொள்வதுதான். ஈரத்தில் பருத்தி இழை உப்பித் திறந்துகொள்ளும். தலை துவட்டும்போது மிச்சமிருந்த டை அந்த இழைக்குள் நுழைந்து, உள்ளேயே கோத்துக்கொண்டு, உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வழக்கமான சோப்பும் வாஷிங் மெஷினும் மேலே ஒட்டியதை மட்டும் எடுத்துத் திட்டைக் கொஞ்சம் மங்கச் செய்யும். துவட்டிய உடனே பார்த்திருந்தால், திட்டின் பின்பக்கத்திலிருந்து குழாயின் பச்சைத் தண்ணீரை வேகமாக விட்டே பெரும்பகுதியை வெளியே தள்ளியிருக்கலாம். வெந்நீர் அப்போது கூடாது, சூடு டையின் வேலையைத் துரிதப்படுத்தும். கறை இருக்கும் துணியை இஸ்திரி போடுவதும் அதே காரணத்துக்காகத் தவறு.

நம் ஈரிழைத் துண்டு இரவு முழுக்கக் காய்ந்துவிட்டது. பச்சைக் கரை இருப்பதால் நேராக குளோரின் ப்ளீச்சுக்குப் போக வேண்டாம். முதலில் ஆக்ஸிஜன் ப்ளீச். துணிக்கறை நீக்கி என்ற பெயரில் விற்கும் பவுடர்கள் பலவற்றில் இருப்பது சோடியம் பெர்கார்பனேட். வெந்நீரில் போட்டால் அது பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். இப்போது வெந்நீர் வேண்டும். டை தன் வேலையை முடித்துவிட்டது, சூடு இனி நமக்காக வேலை செய்யும். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பவுடர். முதலில் பச்சைக் கரையின் ஓரத்தில் அந்தக் கரைசலை ஒரு சொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பச்சை இறங்காவிட்டால் துண்டை முழுதாக அமிழ்த்தி நான்கைந்து மணி நேரம் ஊறவிடலாம். கரைசலை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள், வாயு கூடிப் பாட்டில் வெடிக்கலாம். ஊறிய பின் வழக்கம்போல் துவைத்து, காய்வதற்கு முன்பே திட்டைப் பாருங்கள். தவிட்டு நிறம் தேநீர்க் கறை அளவுக்கு வெளிறியிருந்தால் இன்னொரு முறை ஊறவைப்பதில் பயன் உண்டு.

அதற்கு மேலும் நிற்கும் திட்டுக்கு, வெள்ளைப் பகுதியில் மட்டும் குளோரின் ப்ளீச். பச்சைக் கரையை ஒரு ரப்பர் பேண்டால் கட்டித் தள்ளி வைத்துக்கொண்டு, திட்டு இருக்கும் பகுதியை மட்டும், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்த கரைசலில் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள். உடனே நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். நேரம் கூட்டினால் வெண்மை கூடும் என்று நினைத்து இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது. ப்ளீச் டையை மட்டும் உடைப்பதில்லை, பருத்தி இழையையும் அறுக்கும். ஈரிழை மெல்லிய நெசவு. அதிகம் ப்ளீச் குடித்த இடம் அடுத்த சில சலவைகளில் நூல் நூலாகப் பிரிந்து ஓட்டையாகிவிடும்.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். ப்ளீச்சில் போட்டு எடுத்த துண்டில் டை இருந்த இடம் போக, வேறெங்கெங்கோ மஞ்சள் புள்ளிகள் வந்திருக்கும். அது டை அல்ல. போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம் இருந்தால், ப்ளீச் அந்த இரும்பைத் துருவாக்கித் துணியில் படிய வைத்துவிடும். அதற்கு மேலும் மேலும் ப்ளீச் போட்டால் மஞ்சள் கூடிக்கொண்டே போகும். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் சற்று நேரத்தில் செம்மஞ்சளாக மாறும் வீடுகளில், ஊறவைக்க மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

பூத்துவாலை என்றால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அதன் சுருள் நூல்களுக்கு அடியில் டை ஒளிந்திருக்கும். முழுக்க அடர் நிறத் துவாலை என்றால் குளோரின் ப்ளீச்சை எடுக்கவே வேண்டாம். கருந்திட்டு போகும் முன்னால் துவாலையின் நிறம் போய், வெள்ளைத் திட்டு ஒன்று மிஞ்சும். அங்கே ஆக்ஸிஜன் ப்ளீச்சில் இரண்டு முறை ஊறவைத்துப் போவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பட்டு, கம்பளி எதிலும் ப்ளீச் கூடாது, இழையே கரையும்.

அடுத்த முறை டை கலக்குவதற்கு முன்னால் சுவரையும் தரையையும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். ஒயிட் சிமெண்டின் துளைகள் ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்திருந்தால் டையை உறிஞ்ச அங்கே அதிக இடமிருக்காது, துளி மேலேயே நின்று வழிந்துவிடும். துவட்டுவதற்கு ஒரு பழைய கருநீலத் துண்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று தலைக்குளியல் வரை டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த நாட்களில் தலையணை உறையும் அடர் நிறமாக இருப்பது நல்லது.